அக்கா அமெரிக்காவுக்குக் கூப்பிடுகிறாள்: மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்ல எந்த வழி நல்லது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடித்தால் அது நியூ ஜெர்சி அக்காதான். அவளுக்கு அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பதரை. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். போன மார்கழியில் ஒரு ஞாயிறு அப்படித்தான் ஆரம்பித்தது. அம்மாவின் கால்வலி, மாமாவின் சர்க்கரை எல்லாம் பேசி முடித்த பிறகு, "டேய், எனக்கு சிட்டிசன்ஷிப் வந்தாச்சு இல்ல, உனக்குப் போடப்போறேன். உன் பர்த் சர்டிஃபிகேட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பு" என்றாள்.

எனக்கு 42 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை. மஞ்சக்குப்பத்தில் அப்பா கட்டிய வீடு. பெண் ஒன்பதாவது படிக்கிறாள். போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த நிமிடம் வாயில் வந்தது, "சரிக்கா, தேடிப் பார்க்கிறேன்" என்பதுதான். அதைத் திரும்ப எடுக்க எனக்கு ஆறு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு கடைக்கு வரும் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இதே சிக்கலோடு வந்தார்கள். போவதா வேண்டாமா என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள், சொல்லத்தான் தெரியவில்லை. சொல்வதற்கு உள்ள வழிகளை இங்கே எடைபோட்டிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை உள்ள அக்கா அல்லது அண்ணன், தம்பிக்கோ தங்கைக்கோ மனு போடும் விஷயம்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை வைத்தே பேசுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் மூன்றைப் பார்த்தேன். முதலாவது, அவர்கள் கையை விட்டுப் பணமோ உழைப்போ போவதற்கு முன் பதில் போய்ச் சேருகிறதா. இரண்டாவது, சொன்ன பிறகு பேச்சு முடிகிறதா, இல்லை அடுத்த வருடம் மறுபடி முளைக்கிறதா. மூன்றாவது, அவள் நம்மை நினைத்ததற்கு நாம் மகிழ்ந்தோம் என்பது அவளுக்குத் தெரிகிறதா.

மூன்றாவதில்தான் சிக்கல். அக்காவிடம் போய் "நன்றி" என்று சொல்ல முடியாது. நம் வீடுகளில் கூடப்பிறந்தவளுக்கு நன்றி சொன்னால், "என்னடா, வேற யார்கிட்டயோ பேசற மாதிரி பேசற?" என்பாள். அந்த வார்த்தை இல்லாமலே அதைச் சொல்லியாக வேண்டும்.

## "பார்க்கலாம்" என்று இழுப்பது

எல்லோரும் முதலில் செய்வது இது. நானும் செய்தேன். மறுப்பு மாதிரி தெரியாது, அந்த ஞாயிறு நல்லபடியாக முடியும்.

ஆனால் கடல் தாண்டி இருப்பவர்கள் "பார்க்கலாம்" என்பதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை என்றால் நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். போனில் முகம் கிடையாது. நான் இழுத்த ஆறு வாரத்தில் அக்கா ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டாள். தன் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் இனிஷியலாக மட்டும் இருக்கிறது, என்னுடையதில் முழுப்பெயர் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். இருவருக்கும் பெற்றோர் ஒன்று என்று காட்டத்தான் அந்தச் சான்றுகள். அப்பா பெயர் இரண்டிலும் வேறுவேறாக இருந்தால் அதற்குத் தனியாகக் கேள்வி வரும்.

இதில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. பிறப்புச் சான்றை அனுப்பாதவரை இது வெறும் பேச்சு. அனுப்பிவிட்டால், வாயால் என்ன சொன்னாலும், நீங்கள் சரி என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அப்புறம் மறுத்தால் அது வாக்கு மாறியது ஆகும். வீட்டில் நிஜமாகவே இன்னும் பேசி முடிவெடுக்கவில்லை என்றால் "பார்க்கலாம்" சரிதான். அப்போதும், "பொங்கல் கழிச்சு சொல்றேன்க்கா, அதுவரைக்கும் நீ எதையும் ஆரம்பிக்காதே" என்று ஒரு தேதியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## "போட்டு வைக்கட்டும், பிறகு போகாமல் இருந்துகொள்ளலாம்"

இது என் மச்சான் சொன்ன யோசனை. கேட்க நன்றாக இருக்கும். அக்காவுக்கும் திருப்தி, நமக்கும் இப்போது ஒரு வேலையும் இல்லை. எப்படியும் கியூ நகராது, அதற்குள் யார் யார் எங்கேயோ!

கியூ நகராது என்பது உண்மை. அக்கா போட வேண்டியது I-130 என்ற மனு. கூடப்பிறந்தவர்களுக்கான பிரிவின் பெயர் F4. உலகம் முழுவதற்கும் சேர்த்து அந்தப் பிரிவில் வருடத்துக்கு 65,000 விசாதான், அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் யார் முறை வந்திருக்கிறது என்று ஒரு அறிவிப்பு வெளியிடுகிறது. 2025-இல் வந்த அறிவிப்புகளில் இந்தியர்களுக்கான F4 தேதி 2006-இல்தான் நின்றிருந்தது. அதாவது 2006-இல் மனு போட்டவர்களுக்கு 19 வருடம் கழித்து முறை வருகிறது. அதே வேகம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு முறை வரும்போது 61 வயது, அக்காவுக்கு 66. என் பெண்ணுக்கு 33. கல்யாணமாகாத, 21 வயது ஆகாத பிள்ளைகள்தான் நம்மோடு வர முடியும். மனு அவர்கள் அலுவலகத்தில் பரிசீலனையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதில் கழித்துக்கொள்வார்கள். கியூவில் காத்திருந்த காலத்தைக் கழிக்க மாட்டார்கள். ஆக, "பாப்பாவோட எதிர்காலத்துக்குத்தாண்டா" என்று அக்கா சொன்ன காரணமே இதில் நிற்காது.

சரி, நகராத கியூவில் பெயர் இருந்தால் என்ன நஷ்டம்? மறைவான செலவு இங்கேதான்.

முதலில் அக்காவின் பணம். 2024 ஏப்ரலில் மாற்றியமைத்த கட்டணப்படி I-130 இணையத்தில் போட 625 டாலர், தாளில் போட 675. வக்கீல் வைத்தால் அது தனி. பின்னால் மனுவைத் திரும்பப் பெற்றாலும் கட்டணம் திரும்பாது.

அடுத்தது நமக்கு. அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கோ பட்டமளிப்புக்கோ ஒருமுறை போய் வரலாம் என்று டூரிஸ்ட் விசாவுக்கு எழுதும்போது, DS-160 என்ற படிவத்தில் ஒரு கேள்வி வரும்: உங்களுக்காக யாராவது எப்போதாவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா? இதில் "எப்போதாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மனுவைத் திரும்பப் பெற்றிருந்தாலும் பதில் "ஆம்"தான். "ஆம்" என்றால் உடனே விசா மறுத்துவிடுவார்கள் என்றில்லை. ஆனால் டூரிஸ்ட் விசாவில், நீங்கள் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். குடியேற ஆசை இருப்பதாக உங்கள் பெயரிலேயே ஒரு மனு இருக்கும்போது அந்தப் பாரம் கூடும். பயந்துபோய் "இல்லை" என்று பொய்யாகப் பதில் சொன்னால் அது இன்னும் மோசம். பொய்த் தகவல் கொடுத்ததாக நிரந்தரத் தடையே வரலாம்.

மூன்றாவது செலவைப் பற்றி அக்காவே யோசித்திருக்கவில்லை. முறை வரும்போது அவள் I-864 என்ற ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தன் குடும்பத்தோடு நம் குடும்பத் தலைகளையும் கூட்டி, அந்த எண்ணிக்கைக்கு அந்த அரசு வைத்திருக்கும் வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். நாம் அங்கே குடிமகனாகும்வரை, அல்லது சுமார் பத்து வருடம் வேலை பார்த்து முடிக்கும்வரை, அந்தப் பொறுப்பு அவள் மேல் இருக்கும். 66 வயதில், ரிட்டயர் ஆனபின், தம்பி குடும்பத்துக்கு ஜாமீன்! முடியாவிட்டால் வேறொருவரைக் கூட்டு ஜாமீனுக்குத் தேட வேண்டும்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: இந்த வழி சிலருக்குப் பொருந்தும். 23 வயது, கல்யாணமாகவில்லை, போக ஆசை இருக்கிறதா என்று தனக்கே இன்னும் தெரியாது என்றால், போட்டு வைப்பதில் அர்த்தம் உண்டு. முறை வரும்போது 42 வயதுதான் ஆகியிருக்கும், அப்போது இருக்கும் மனைவியும் சிறு பிள்ளைகளும் கூடப் போகலாம். இன்று வேண்டாம் என்று சொல்லிப் பத்து வருடம் கழித்து மனம் மாறினால், கியூவின் கடைசியில் புதிதாக நிற்க வேண்டும். நேராக மறுப்பதில் உள்ள ஒரே பெரிய இழப்பு அதுதான். பத்து வருட டூரிஸ்ட் விசா ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கும் இதன் பாதிப்பு இப்போதைக்குக் குறைவு, புதுப்பிக்கும்போதுதான் கேள்வி வரும். ஆனால் போக மாட்டோம் என்று தெரிந்தே போட்டு வைக்கச் சொல்வது அவள் அன்பை வைத்து அவளையே ஏமாற்றுவது போல எனக்குப் பட்டது.

## அம்மா மூலமாகச் சொல்வது

"நீயே அவகிட்ட சொல்லிடும்மா" என்று அம்மாவிடம் போனைக் கொடுப்பது. எங்கள் ஊரில் இது சர்வ சாதாரணம். பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு பெரியவரைத்தான் அனுப்புவோம்.

கூப்பிடுபவர் நம்மைவிட ஒரு தலைமுறை மூத்தவராக இருந்தால் இதுதான் முறை. முத்தியால்பேட்டையில் என் சிநேகிதன் ஒருவன். அவன் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புதுச்சேரிக்காரர்கள் சொல்தா என்பார்களே, அவர். பாரிஸ் பக்கம் இருக்கிறார். "வந்து மூணு மாசம் இரு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இவனைக் கூப்பிட்டார். பிரான்சில் குடும்பத்தை வரவழைக்கும் சட்டம் மனைவிக்கும் கணவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும்தான். அண்ணன் மகனுக்கு அவரால் கொடுக்க முடிந்தது விருந்தினர் அழைப்புக் கடிதம் மட்டும். அதில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். அந்த "அப்புறம்" என்பது விசா முடிந்தும் ஒளிந்து இருப்பதாகத்தான் முடியும். இவன் அதைச் சித்தப்பாவிடம் விளக்கினால் சட்டம் பேசும் பொடியன் ஆகிவிடுவான். அவன் அப்பா தன் தம்பியிடம், "நீ கூப்பிட்டதே அவனுக்குப் போதும்ப்பா, இங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு வரியில் முடித்தார். அடுத்த நாள் இவன் போன் செய்து ஐந்து நிமிடம் சும்மா பேசினான். இரண்டும் சேர்ந்தால்தான் சரி. அந்த இரண்டாவது போன் இல்லாவிட்டால் பெரியவர் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி ஆகும்.

ஆனால் அக்கா, அண்ணன் விஷயத்தில் அம்மாவை நடுவில் விடக் கூடாது. அம்மா சொன்னால், அம்மாதான் என்னைப் போக விடவில்லை என்று அக்கா நினைப்பாள். அம்மா வாயில் அது கொஞ்சம் மாறியும் போகும். "அவனுக்கு இஷ்டமில்லையாம்" என்பது அங்கே போய்ச் சேரும்போது "மருமகளுக்கு இஷ்டமில்லையாம்" என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் பாதி மனஸ்தாபம் அப்படி வந்ததுதான்.

## நேராகச் சொல்வது: போனிலா, அவள் ஊருக்கு வரும்போதா

நேரில் சொல்வது அன்பாக இருக்கும். ஆனால் அக்கா வருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் பாதி குலதெய்வம் கோயிலுக்கும் துணிக்கடைக்கும் போய்விடும். அதுவரை தள்ளினால் மேலே சொன்ன "பார்க்கலாம்" வகையில்தான் சேரும். அடுத்த மாதமே வருகிறாள் என்றால் காத்திருக்கலாம். வந்த இரண்டாம் நாளே சொல்லிவிட வேண்டும். கிளம்புகிற அன்று ஏர்போர்ட் போகும் காரில் சொன்னால், விமானம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போவாள்.

வாட்ஸ்அப் செய்தியாக எழுதினால் வேலை சுலபம். ஆனால் நாம் எழுதுவது மறுப்பு, அவள் படிப்பது அலுவலகக் கடிதம். வாய்ஸ் மெசேஜ் அதைவிடக் கொஞ்சம் தேவலை. அது மாமாவின் போன்வரை, பிள்ளைகள் வரை போகும் என்று தெரிந்தே பேச வேண்டும்.

நான் போனில் சொன்னேன். ஞாயிறு காலை வழக்கமான நேரத்தில் இல்லை, அப்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கரைக்குக் கடையின் உள் ரூமில் இருந்து கூப்பிட்டேன். அவளுக்கு காலை ஆறு மணி, காபி நேரம்.

## எந்தக் காரணத்தைச் சொல்வது

வழியைவிட இதுதான் என்னை அதிகம் தடுமாற வைத்தது. என்னிடம் நான்கு காரணங்கள் இருந்தன, நான்கும் உண்மை.

"பாப்பா படிப்பு முடியட்டும்" என்பது சூழ்நிலைக் காரணம். அதை அவள் தீர்த்துவிடுவாள். "அவ பிளஸ் டூ முடிக்கட்டும், அதுக்குள்ள நான் போட்டு வைக்கிறேன்" என்பாள். கடைக் கடன், வீட்டுப் பத்திரம் எல்லாமே இதில் சேர்த்தி. முடிந்துபோகும் காரணத்தைச் சொன்னால், அது முடிந்ததும் பேச்சு மறுபடி வரும்.

"அவளுக்கு இஷ்டமில்லை" என்று மனைவி மேல் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கான வட்டியை அவள்தான் இருபது வருடம் கட்டுவாள்.

"அங்க வந்து நான் என்ன வேலைண்ணா பார்ப்பேன், கேஸ் ஸ்டேஷன்லயா?" என்று என் நண்பர் ஒருவர் தன் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அந்த அண்ணன் போன புதிதில் கேஸ் ஸ்டேஷனில்தான் இரண்டு வருடம் நின்றவர்.

கடைசிக் காரணம் அம்மா. "அம்மாவை யார்க்கா பார்ப்பாங்க?" இதைத்தான் எல்லோரும் சொல்லச் சொல்வார்கள். நாக்கு நுனிவரை எனக்கும் வந்தது. யோசித்துப் பார்த்தேன். 20 வருடமாக அம்மாவை விட்டு அங்கே இருப்பவள் அவள். அவளிடம் இதைச் சொன்னால் "நீ விட்டுவிட்டுப் போனாய், நான் இருக்கிறேன்" என்றுதான் காதில் விழும். அவள் மறுத்துப் பேச மாட்டாள். "ஆமாண்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேட்பவள் தன்மேல் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடியதென்றால் அதை வெளியே எடுக்கக் கூடாது.

மிச்சம் இருந்தது என் விருப்பம் மட்டும். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. அதில் அவள் தீர்க்க ஒன்றும் இல்லை, யார் மேலும் பழியும் இல்லை.

பேசியது ஏறக்குறைய இப்படி:

"அக்கா, சிட்டிசன்ஷிப் வந்த கையோட உனக்கு முதல்ல என் பேரு ஞாபகம் வந்துச்சு பாரு, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. தானே புயல்ல கடைக் கூரை போனப்பவும் நீதான் நான் கேக்காமலே பணம் அனுப்பின. இதுவும் அப்படித்தான்னு தெரியும். ஆனா நான் வரலக்கா. எனக்கு இந்தக் கடையும் இந்த ஊரும் பழகிப்போச்சு, பிடிச்சிருக்கு. நீ வக்கீலுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், இழுத்தது என் தப்பு."

தானே 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. அத்தனை வருடத்துக்கு முந்தைய பணத்தை நான் மறக்கவில்லை என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். நன்றி என்று சொல்லாமல் நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி, அவள் செய்த ஒன்றை நாள் கிழமையோடு நினைவுபடுத்துவதுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "19 வருஷம்னு வக்கீலும் சொன்னான்டா. நான் கிழவி ஆயிடுவேன்" என்றாள். ஜாமீன் பத்திரத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அதை முதலில் சொல்லியிருந்தால் கணக்குப் பேசுகிறவன் ஆகியிருப்பேன். "பாப்பா மேல படிக்க வரணும்னா?" என்று கேட்டாள். "அவ பெரியவளானதும் அவளே உன்கிட்ட கேப்பா, அதுக்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன்" என்றேன். நம் மறுப்பு நம்மோடு நிற்க வேண்டும். பிள்ளைக்கும் சேர்த்துக் கதவைச் சாத்த நமக்கு என்ன உரிமை?

அந்த வாரமே பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ வாங்கி, நியூ ஜெர்சி கிளம்பிய தெரிந்த பையன் ஒருவன் கையில் கொடுத்து அனுப்பினேன். வந்து சேர்ந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வருடம் அக்கா பெண்ணுக்குப் பட்டமளிப்பு. நாங்கள் மூன்று பேரும் அம்மாவும் போய்வர டூரிஸ்ட் விசாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு, அக்கா போனில் இருக்க, என் பெண் DS-160-ஐத் திறந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்பது வந்தது. அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். "போட விட்டாத்தானே! இல்லைன்னு போடுடி" என்றாள். பெண் 'No' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.